என்ன சொல்லிக் கேப்பாங்க?

நித்யாவின் லேப்டாப்பில் ‘பேச்சியம்மாள் எண்ணெய்’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் logo_final.ai, logo_final_new.ai, logo_final_new_OK.ai என்று கோப்புகள் வரிசை கட்டி நிற்கும். அந்த OK அவளாகப் போட்டுக்கொண்டது. வேறு யாரும் ஓகே சொல்லவில்லை.

வேலை கொடுத்தவர் விருதுநகர் கணேசன். அவருடைய அப்பா காலத்தில் இரும்பு ரோட்டரியில் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வாகை மரச் செக்குப் போட்டு, கருப்பட்டி சேர்த்து நல்லெண்ணெய் ஆட்டுகிறார். பெயர் பாட்டியுடையது. “பழமையாவும் தெரியணும், மாடர்னாவும் இருக்கணும் மேடம்” என்றார் முதல் நாளே. செக்கு வரவேண்டும், எள்ளுப்பூ வரவேண்டும், ஒரு எண்ணெய்ச் சொட்டு கட்டாயம். முடிந்தால் பாட்டி முகமும்.

பாட்டியின் போட்டோ ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம், சட்டத்தோடு சேர்த்து எடுத்தது, கண்ணாடியில் டியூப்லைட் விழுந்திருந்தது. நித்யா அதை வைத்து முகம் வரைந்தாள். யார் பார்த்தாலும் கோயில் அம்மன் என்றார்கள். சரி என்று முகத்தை எடுத்துவிட்டு, சொட்டுக்குள் செக்கை நுழைத்தாள். செக்கு உரல் மாதிரி ஆகிவிட்டது. எள்ளுப்பூவோடு இலையும் வைத்த ஒன்று அழகாகவே வந்தது, பச்சை கீழிருந்து மேலே மஞ்சளாகக் கரையும். கணேசன் கட்டைவிரல் போட்டு, கீழே எழுதினார்: “சூப்பர் மேடம். ஆனா ஏதோ ஒண்ணு குறையுது.” இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த வரியைப் படித்திருப்பார்கள். அது என்ன ஒன்று என்று கேட்டால் எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை.

இந்தத் தடவை அவர் சொன்னது சரி என்று அவளுக்கே பட்டதுதான் தொல்லை.

ஆடி பிறந்து சிவகாசியில் காலண்டர் வேலை மும்முரமாகியிருந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். வேறொருவருடைய தினசரி காலண்டர் அட்டைக்குக் கலர் பார்க்க நித்யா அங்கே போனாள். கல்லூரி முடித்த கையோடு அவள் வேலை கற்றுக்கொண்ட அதே அச்சகம். சங்கரலிங்கம் அண்ணாச்சி இன்னும் அங்கேதான் இருந்தார். சம்பளம் நின்று வருஷக்கணக்காகிறது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து லென்ஸோடு உட்கார்ந்துவிடுவார். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள் என்று ஆயிரக்கணக்கில் வரைந்த கை. ஒவ்வொரு கலரையும் தனித்தனியாகக் கையால் பிரித்துத் தகட்டில் போட்ட காலத்து ஆள்.

“என்ன தாயி, மூஞ்சி வாடிக் கெடக்கு?”

“ஒரு லோகோ அண்ணாச்சி. முடிய மாட்டேங்குது.”

“காமி.”

ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எந்த எழுத்துரு, ஏன் இந்தப் பச்சை, சொட்டின் வளைவு செக்கு உலக்கையின் சாய்வோடு எப்படி ஒத்துப்போகிறது என்றெல்லாம் விளக்கினாள். அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. கடைசிக் கோப்பு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“இதைக் கடையில போயி என்ன சொல்லிக் கேப்பாங்க?”

“பேச்சியம்மாள் நல்லெண்ணெய்னு கேப்பாங்க.”

“பேரு மறந்து போச்சின்னா?”

நித்யா திரையைப் பார்த்தாள். இலை போட்டது என்று கேட்கலாம். அலமாரியில் இருக்கிற எண்ணெயில் பாதிக்கு இலை உண்டு. சொட்டு போட்டது என்றால் மீதிப் பாதி. கீழிருந்து மேலே மஞ்சளாகக் கரைகிற பச்சை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அண்ணாச்சி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. “டீ சொல்லட்டுமா?” என்றார். பூனை, கிளி, மணி, சாவி என்று அவர் வரைந்ததெல்லாம் எழுத்துக்கூட்டத் தெரியாத ஆள் பெட்டிக்கடையில் கேட்டு வாங்குவதற்காக வரைந்தவை. அந்தப் பழைய லேபிள்களை நித்யா ‘ரெட்ரோ’ என்று ரசித்திருக்கிறாளே தவிர, அவை அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு என்று யோசித்ததில்லை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாட்டி போட்டோவை மறுபடி திறந்து பெரிதாக்கினாள். இதுவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது, யாராவது கேட்டு வாங்க இதில் என்ன இருக்கிறது என்று தேடினாள். விரல் காதில் போய் நின்றது.

வடிகாது. தோள் வரை தொங்கும் துளை, அதன் அடியில் பாம்படம். கட்டையும் உருண்டையும் அடுக்கி வைத்த மாதிரி, பார்க்க அவ்வளவு கனம். தங்கத் தகட்டுக்குள் அரக்கு அடைத்துச் செய்வது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தலைமுறைப் பாட்டிகள் எல்லாரும் போட்டிருந்தார்கள். இழுபட்ட காதின் வளையம் மேலே குறுகி, கீழே அகன்று, தானாகவே ஒரு சொட்டாக இருந்தது.

கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் பேனாவால் போட்டாள். ஒரு வளைவு, அதன் அடியில் ஒரு கட்டை, இரண்டு உருண்டை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, “பாம்படமா? எங்க ஆத்தா வச்சிருந்துச்சு, வித்துத் தின்னுட்டோம்” என்றார்.

அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டாள். செக்கு போனது, பூ போனது, முகம் போனது, கரைகிற பச்சையும் போனது. ஒரே கலர், அரக்குச் சிவப்பு. காலையில் அண்ணாச்சிக்கு அனுப்பியதும் போன் வந்தது.

“பதினஞ்சு கிலோ டின்னுலயும் இதானே?”

“ஆமா அண்ணாச்சி, ஸ்கிரீன் அடிக்கிறாங்க.”

“காதுக்கும் உருண்டைக்கும் நடுவுல எடம் பத்தாது. மை அடைச்சுக்கிடும். பெருசாக்கு.”

இடைவெளியை அகலமாக்கினாள். ஒரு உருண்டையை எடுத்தாள். பாட்டில் மூடி அளவுக்குச் சுருக்கி பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாள். தெரிந்தது.

கணேசனுக்கு இந்தத் தடவை விளக்கம் ஒன்றும் எழுதவில்லை, படத்தை மட்டும் அனுப்பினாள். வெகுநேரம் நீலக் குறி விழுந்ததோடு சரி. அப்புறம் கூப்பிட்டார்.

“மேடம், செக்கு எங்க?”

“லேபிள்ல எழுத்தா வரும் சார், ‘மரச்செக்கு’ன்னு. லோகோவுல இல்ல.”

“பூ?”

“இல்ல.”

“என்ன மேடம், ஒண்ணுமே இல்லாம...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பின்னால் ஏதோ பேச்சு. “இருங்க, எங்க அம்மாகிட்ட காமிச்சேன். ‘அத்தை காதுல்லா இது’ன்னு சொல்லுது.” இன்னும் கொஞ்சம் பேச்சு. “லோடுமேன்கூட பாம்படம்னு கரெக்டா சொல்றான் மேடம். கலர் மட்டும் தங்கத்துல வச்சுக்கலாமா?”

“தங்க மைக்குத் தனிக் காசு ஆகும் சார். டின்னுல மங்கிரும்.”

“அப்ப செவப்பே இருக்கட்டும்.”

நித்யா கோப்பை pechiammal_logo.ai என்ற பெயரில் சேமித்தாள். மற்றவற்றை அழித்துவிட்டு, பாக்கித் தொகைக்குப் பில் போட உட்கார்ந்தாள்.