பேசாத எழுத்துப் பாட்டு
(கிரேடு 5, கிரேடு 6 பிள்ளைகள் சனிக்கிழமை வகுப்பில் தாளம் போட்டுப் பாட)

பிள்ளைகளே, போன வாரம் டிக்டேஷனில் ஐலண்ட் என்ற சொல்லைக் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் நடுவில் இருக்கும் எஸ்ஸை விழுங்கிவிட்டீர்கள். மொரிஷியஸ் தீவிலே பிறந்து தீவிலே வளர்ந்த பிள்ளைகள்! சரி, கோபம் இல்லை. காதுக்குக் கேட்காத எழுத்தைக் கை எப்படி எழுதும்? அதனால்தான் இந்தப் பாட்டு.

தமிழில் எழுதினால் வாசித்தாக வேண்டும். குற்றியலுகரம்கூட அரை மாத்திரையாவது ஒலிக்கும். ஆங்கிலத்தில் சில எழுத்துகள் வரிசையில் நிற்கும், வாயைத் திறக்காது. இது உங்களுக்குப் புதிதும் இல்லை. நம் தலைநகரைப் போர் லூயி என்று சொல்கிறீர்கள். பஸ் பலகையில் போருக்குப் பின்னால் ஒரு டி, லூயிக்குப் பின்னால் ஒரு எஸ். அவற்றை யாராவது வாசிக்கிறோமா?

பாடுவதற்கு முன் ஓர் ஏற்பாடு. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டு பி-யும் ஒன்றுபோல இருக்கும், இரண்டு டி-யும் அப்படியே. (நம் எழுத்துக்கும் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்வோம்.) அதனால் பஸ்ஸில் வருவது பஸ்-பி, பேனாவில் வருவது பேனா-பி. டோடோவில் வருவது டோடோ-டி, குடிக்கிற டீயில் வருவது டீ-டி. ‘இப்படி’ மேற்கோளுக்குள் இருப்பது பேசாத எழுத்து. அதை மட்டும் உதட்டில் விரல் வைத்துக் கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் கூரை அதிர. இடது வரிசை பாட்டுக்கு, வலது வரிசை எழுத்துக்கு.

தூங்கும் கே

கத்தி என்ற சொல்லுக்கு நைஃப் என்று பேரு,
கே வந்து முன்னாலே நிற்குது பாரு!
‘கே’, என், ஐ, எஃப், ஈ.

கதவைத் தட்டினால் நாக் நாக் நாக்,
முதல் கே தூங்குது, கடைசிக் கே முழிக்குது!
‘கே’, என், ஓ, சி, கே.

நீ யார் என்றால் நான் என்பேன்,
நீ எங்கே என்றால் முட்டி காட்டுவேன்!
‘கே’, என், ஈ, ஈ.

தெரியும் என்றாலும் நோ, தெரியாது என்றாலும் நோ,
தெரிந்தவன் நோவுக்குக் கே முன்னே, டபிள்யு பின்னே!
‘கே’, என், ஓ, டபிள்யு.

(முட்டி வரியில் எல்லோரும் குனிந்து முட்டியைத் தொட வேண்டும். பெஞ்சில் இடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் இந்தக் கே-யை வாய்விட்டுத்தான் சொன்னார்கள். ஜெர்மானியர்கள் முட்டியை இன்றும் க்னீ என்கிறார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சில் ஏறிய எழுத்து அப்படியே நின்றுவிட்டது. நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது.)

வாயில்லா டபிள்யு

எழுது என்றால் ரைட்டு, தப்பு என்றால் ராங்கு,
ராங்கை ராங்காய் எழுதினவன் திரும்ப எழுத வாங்கு!
‘டபிள்யு’, ஆர், ஐ, டீ-டி, ஈ.
‘டபிள்யு’, ஆர், ஓ, என், ஜி.

சரி என்ற ரைட்டுக்கு டபிள்யு கிடையாது,
நடுவில் ரெண்டு பேர் உண்டு, வாய் திறக்காது!
ஆர், ஐ, ‘ஜி’, ‘எச்’, டீ-டி.

கடைசி ஸ்டாப்பில் பஸ்-பி

ஆட்டுக்குட்டி லாம், கட்டைவிரல் தம்,
கடைசி ஸ்டாப்பில் பஸ்-பி வரும், ஹார்ன் அடிக்காது கம்!
எல், ஏ, எம், ‘பஸ்-பி’.
டீ-டி, எச், யு, எம், ‘பஸ்-பி’.

தலையைச் சீவக் கோம் எடு, காவடிக்குப் போகணும்,
கோர் த கார்ட் மலையிலே படியேறப் போகணும்!
சி, ஓ, எம், ‘பஸ்-பி’.
ஏறுவது கிளைம்: சி, எல், ஐ, எம், ‘பஸ்-பி’.

கடைக்காரர் நோட்டிலே கடன் என்றால் டெட்டு,
பஸ்-பி வந்து நடுவில் நின்னு வழியடைச்சு விட்டு!
டோடோ-டி, ஈ, ‘பஸ்-பி’, டீ-டி.
சந்தேகம் டவுட்: டோடோ-டி, ஓ, யு, ‘பஸ்-பி’, டீ-டி.

(இந்தக் கடைசி இரண்டிலும் நீங்கள் பி-யை விடுவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். உங்கள் ஃபிரெஞ்சுப் புத்தகத்தில் கடனுக்கும் சந்தேகத்துக்கும் பி இல்லவே இல்லை. ஆங்கிலம் அந்தச் சொற்களை ஃபிரெஞ்சிலிருந்து வாங்கியபோதும் பி இல்லை. பிற்பாடு லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலச்சொல்லில் பி இருக்கிறதே என்று உள்ளே செருகிவிட்டார்கள். செருகியவர்கள் போய்விட்டார்கள், மார்க் போவது உங்களுக்கு.)

தீவுப் பாட்டு
(இதை மூன்று முறை பாட வேண்டும். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.)

தீவு என்றால் ஐலண்டு, திரும்பத் திரும்பச் சொல்லு,
உள்ளே எஸ்ஸு ஒளியுது, ஓசையின்றி நில்லு!
ஐ, ‘எஸ்’, எல், ஏ, என், டோடோ-டி.

தீவை விட்டு டோடோ போச்சு,
தீவின் வாலில் டோடோ-டி ஆச்சு!
ஐ, ‘எஸ்’, எல், ஏ, என், டோடோ-டி.

(ஈல் ஓ செர்ஃப் தீவின் பெயரை ஃபிரெஞ்சில் எழுதும்போது, தீவு என்று பொருள்படும் ஈலின் தலையில் ஒரு சின்னத் தொப்பி போடுகிறோம் அல்லவா? பழைய ஃபிரெஞ்சில் அங்கே ஓர் எஸ் இருந்தது. எஸ் போன இடத்தில்தான் தொப்பி. ஆங்கிலத்தின் ஐலண்டுக்கோ முதலில் எஸ்ஸே கிடையாது. ஃபிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்ற சொல்லைப் பார்த்து நடுவில் சேர்த்துக்கொண்டது.)

அவர் வந்தார்

அவர் வருவார், அவர் வருவார், எப்போ வருவார் அவர்?
அறுபது நிமிஷம் ஆனதுமே வந்து நிற்கும் அவர்!
‘எச்’, ஓ, யு, ஆர்.

நேர்மை என்றால் ஆனஸ்டு, எச்சு மட்டும் ஊமை வேஷம்,
எழுதாமல் விட்டாலோ நேர்மைக்கே மோசம்!
‘எச்’, ஓ, என், ஈ, எஸ், டீ-டி.

பாட்டு என்றால் ரைம், தாளம் என்றால் ரிதம்,
ஆருக்குப் பின்னே எச் ஒளிந்து ஆடுது தினம்!
ஆர், ‘எச்’, ஒய், எம், ஈ.
ஆர், ‘எச்’, ஒய், டீ-டி, எச், எம்.

(ரிதத்தை ஃபிரெஞ்சில் எழுதினால் எச் ஒன்றுதான், ஆங்கிலத்தில் இரண்டு. முதல் எச்சைத்தான் எல்லோரும் தொலைக்கிறீர்கள். இன்னொன்று: ஃபிரெஞ்சில் எச் பேசாது என்ற பழக்கத்தில் ஆங்கில வீட்டை அவுஸ் என்று வாசிக்கக் கூடாது. அங்கே எச் நன்றாகவே பேசும்.)

என் ஆட்டம்

இலை உதிரும் காலத்துக்கு ஆட்டம் என்று பேரு,
ஆட்டம் ஆடி முடிந்ததுமே என் வாய் மூடும் பாரு!
ஏ, யு, டீ-டி, யு, எம், ‘என்’.

சாமி பாட்டு ஹிம், தேவாரமும் ஹிம்,
எம்முக்குப் பின்னாலே என் வந்து கம்!
எச், ஒய், எம், ‘என்’.

டீ குடித்தும் தூங்கும் டி

காசில் கோட்டை கட்டலாமா? கட்டிப்பார்க்க ஆசை,
காசில் என்றால் கோட்டைதானே, டீ-டிக்கில்லை ஓசை!
சி, ஏ, எஸ், ‘டீ-டி’, எல், ஈ.

புவா ஷெரி டீ குடித்தும் டீ-டி தூங்கிப் போச்சு,
காது கொடுத்துக் கேட்டாலும் கேட்கவில்லை பேச்சு!
கேட்பது லிசன்: எல், ஐ, எஸ், ‘டீ-டி’, ஈ, என்.

இனி வேகமாக, மூச்சு விடாமல்:

நடந்தால் வாக்: டபிள்யு, ஏ, ‘எல்’, கே.
பேசினால் டாக்: டீ-டி, ஏ, ‘எல்’, கே.
பாதி என்றால் ஹாஃப்: எச், ஏ, ‘எல்’, எஃப்.
கையெழுத்து சைன்: எஸ், ஐ, ‘ஜி’, என்.
ரசீது என்றால் ரிசீட்: ஆர், ஈ, சி, ஈ, ஐ, ‘பேனா-பி’, டீ-டி.
பேனா மூடி கழற்றலே, பி-யும் பேசலே!

(சைன் என்ற சொல்லில் ஜி தூங்கும். சிக்னேச்சர் என்று நீட்டுங்கள், எழுந்துவிடும். ஆட்டத்தின் என்னும் அப்படித்தான், ஆட்டம்னல் என்றால் குரல் கொடுக்கும். சந்தேகம் வந்தால் சொல்லை நீட்டிப் பாருங்கள். எல்லாச் சொல்லுக்கும் இது பலிக்காது, பலிக்கும் இடத்தில் நல்ல உதவி.)

புதன்கிழமைக்கு ஒரு தந்திரம். மனசுக்குள் வெட்-நெஸ்-டே என்று மூன்றாக உடைத்துச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். வாயில் வென்ஸ்டே, கையில் வெட்-நெஸ்-டே.
டபிள்யு, ஈ, ‘டோடோ-டி’, என், ‘ஈ’, எஸ், டோடோ-டி, ஏ, ஒய்.

வாலில் ஈ

கிட்டின் வாலில் ஈ உட்கார்ந்தால் கைட்டாய்ப் பறக்குமே,
பிட்டின் வாலில் ஈ உட்கார்ந்தால் பைட்டாய்க் கடிக்குமே!
ஈ பேசாது, ஈ பாடாது,
பக்கத்து ஐயைக் கிள்ளாமல் ஈ ஓடாது!
கே, ஐ, டீ-டி, ‘ஈ’.
பஸ்-பி, ஐ, டீ-டி, ‘ஈ’.

(நைஃப், எழுது என்ற ரைட்டு, ரைம் மூன்றின் கடைசி ஈ-யும் இதே வேலைதான் பார்க்கிறது. மேலே சும்மா விட்டேன். இனிமேல் அதையும் கிசுகிசுங்கள்.)

ஃபிரெஞ்சுப் பக்கத்து வீடு

இங்கே பேசாத எழுத்தைப் பற்றிய பேச்சு இல்லை. இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல், எழுத்து மட்டும் வேறு. மொரிஷியஸ் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். திருத்தித் திருத்தி என் சிவப்புப் பேனா தீர்ந்ததும் இங்கேதான்.

அட்ரஸுக்கு ஃபிரெஞ்சிலே டோடோ ஒண்ணு,
ஆங்கிலத்தில் எழுதினால் ஜோடி டோடோ கண்ணு!
ஏ, டோடோ-டி, டோடோ-டி, ஆர், ஈ, எஸ், எஸ்.

கல்யாணம் என்றாலே மாப்பிள்ளையும் பொண்ணும்,
மேரேஜுக்கு ஆர் இரண்டு, மறக்காதே இன்னும்!
எம், ஏ, ஆர், ஆர், ஐ, ஏ, ஜி, ஈ.

காரும் காரும் ஒட்டி நின்னா டிராஃபிக் ஜாம்,
எஃப்பும் எஃப்பும் ஒட்டி நின்னா எழுத்து சரியாம்!
டீ-டி, ஆர், ஏ, எஃப், எஃப், ஐ, சி.

கடைசியாக மார்ச் 12. 1968-இல் நாம் விடுதலை பெற்ற நாள். ஒவ்வொரு வருஷமும் அட்டையில் இண்டிபெண்டன்ஸ் என்று பெரிதாக எழுதுகிறீர்கள், ஒவ்வொரு வருஷமும் ஃபிரெஞ்சு ஏ ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் ஏ-க்கு அங்கே இடமே இல்லை. இதை எழுந்து நின்று பாட வேண்டும். ஒவ்வொரு ஈ-க்கும் ஒரு விரல் நீட்டுங்கள்.

ஐ ஒண்ணு முன்னாலே, ஈ நாலு பின்னாலே,
ஏ வந்து கேட்டாலும் இடமில்லை உள்ளாலே!
ஐ, என், டோடோ-டி, ஈ,
பேனா-பி, ஈ, என்,
டோடோ-டி, ஈ, என், சி, ஈ!

முதல் ஈ சிவப்பு, ரெண்டாம் ஈ நீலம்,
மூணாம் ஈ மஞ்சள், நாலாம் ஈ பச்சை,
கொடியிலே நாலு நிறம், சொல்லிலே நாலு ஈ!