எல்எல்ஆர் மாதிரித் தேர்வு 3: விடைத்தாள் திருத்தமும் விளக்கமும்

கேள்விகள் 15, சரி 8, தவறு 7. தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 9 வேண்டும். ஒன்றில் நழுவியிருக்கிறது.

சரியான விடைகள்: 1 இ, 2 ஆ, 3 அ, 4 இ, 5 ஆ, 6 இ, 7 அ, 8 ஆ, 9 இ, 10 அ, 11 இ, 12 ஆ, 13 அ, 14 ஆ, 15 இ.

நீங்கள் தவறவிட்டவை 2, 4, 6, 8, 11, 13, 14. இந்த ஏழில் நான்கில் ஒரே சாயல் தெரிகிறது. 2, 4, 6, 11 ஆகியவற்றில் நீங்கள் தேர்ந்த விடை, எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துவிடுவார், ஒதுங்கிவிடுவார் என்று நம்புகிறது. சாலையில் தினமும் கண்ணில் படும் பழக்கமும் அதுதான். அதனால்தான் அந்த விடை கையை இழுக்கிறது. விடை எழுத்தை மனப்பாடம் செய்தால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் மறுபடி தவறும். ஏன் ஆபத்து என்று பிடிபட்டால் தவறாது.

கேள்வி 2. சிக்னலை நெருங்கும்போது பச்சை மாறி மஞ்சள் வருகிறது. உங்கள் விடை: இ, வேகத்தைக் கூட்டிச் சிவப்பு விழுமுன் கடக்க வேண்டும். சரி: ஆ, நிறுத்தக் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் வண்டி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, அதற்கு 14 மீட்டர். பிரேக் பிடித்தபின் காய்ந்த தார்ச்சாலையில் இன்னொரு 14 மீட்டர். ஆக 28 மீட்டர். நனைந்த சாலையில் பிரேக் தூரம் மட்டுமே 25 மீட்டரைத் தொடும். வேகத்தைக் கூட்டினால் இந்தத் தூரம் நீள்கிறது. நிற்கும் வழியை நாமே அடைத்துக்கொள்கிறோம். அதே நேரத்தில் குறுக்குச் சாலையில் இருசக்கர வண்டிகள் எண்களின் கவுன்ட்டவுனைப் பார்த்து, 3 இருக்கும்போதே கிளட்சை விட்டிருக்கும். மஞ்சளில் முடுக்கிய வண்டியும் பச்சைக்கு முன் கிளம்பிய வண்டியும் சந்திப்பின் நடுவில் மோதும், அதுவும் பக்கவாட்டில். கதவுக்கும் இருக்கையில் இருப்பவருக்கும் நடுவே இடைவெளி ஒரு சாண்கூட இருக்காது.

ஒரு விலக்கு உண்டு. மஞ்சள் விழும்போது கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டு, நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதிவிடுவார் என்ற நிலையில், இருந்த வேகத்திலேயே கடந்து போகலாம். கேள்வியில் "பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவு அருகில்" என்று இருந்தால் மட்டும் அந்த விடையை எடுங்கள்.

கேள்வி 4. பாதசாரிக் கடவையில் ஆட்கள் கடக்கக் காத்திருக்கிறார்கள். உங்கள் விடை: ஆ, வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துக் கடக்க வேண்டும். சரி: இ, வண்டியை நிறுத்தி, அவர்கள் கடந்த பின் செல்ல வேண்டும்.

'வேகத்தைக் குறைத்து' என்ற சொல்தான் இந்த விடையை நல்ல விடை போலக் காட்டுகிறது. வயதானவர் ஒருவர் பாதிச் சாலையில் நிற்கும்போது ஹாரன் கேட்டால் இரண்டில் ஒன்று செய்வார்: உறைந்து நிற்பார், இல்லை வந்த வழியே திரும்ப ஓடுவார். இரண்டுமே உங்கள் கணக்கில் இல்லாத நகர்வு. பிள்ளைகளோ ஹாரனைக் கேட்டதும் முன்னால் பாய்வார்கள்.

நிறுத்திய பிறகும் கவனம் வேண்டும். கடவையின் மேல் நிற்காமல் கோட்டுக்கு முன்பே நில்லுங்கள். "வாங்க வாங்க" என்று கை காட்டிக் கூப்பிடாதீர்கள். நீங்கள் நின்றுவிட்டீர்கள், பக்கத்துத் தடத்தில் வரும் வண்டி நிற்கவில்லை. உங்கள் கையை நம்பி இறங்கிய ஆளை உங்கள் வண்டியே மறைக்கிறது. கண்ணாடியில் பின்னால் பாருங்கள், அவர் தாமாகப் பார்த்துக் கடக்கட்டும்.

கேள்வி 6. நான்கு சாலைச் சந்திப்பில் நேராகச் செல்ல எந்தச் சைகை? உங்கள் விடை: அ, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட வேண்டும். சரி: இ, இண்டிகேட்டர் எதுவும் வேண்டாம், வேகம் குறைத்துப் பார்த்துச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சந்திப்பிலும் இதைப் பார்க்கலாம். அதனாலேயே பலருக்கு இது விதி என்று பதிந்துவிட்டது. இடப்பக்கச் சாலையின் வாயில் பைக்கில் நிற்பவர் இடத்திலிருந்து உங்கள் காரைப் பாருங்கள். அவருக்கு உங்கள் காரின் இடப்பக்கம்தான் தெரிகிறது. வலப்பக்க விளக்கை முன்னால் நிற்கும் ஆட்டோ மறைக்கிறது. மினுக்குவது இடது இண்டிகேட்டர் ஒன்றுதான். "இவர் இடப்பக்கம் திரும்புகிறார்" என்று நினைத்து உங்கள் பாதைக்குள் வண்டியை விடுகிறார். வலப்பக்கச் சாலையில் நிற்பவருக்கு வலது இண்டிகேட்டர் மட்டும் தெரிந்தால், நீங்கள் வலப்பக்கம் திரும்புவதாக நினைப்பார். ஒரே சைகையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

மழையில் ஓட்டும்போதும் அப்படித்தான். நான்கும் எரிந்துகொண்டிருந்தால், தடம் மாற இண்டிகேட்டர் போட்டாலும் பின்னால் வருபவருக்குத் தெரியாது. பழுதாகியோ விபத்திலோ வண்டி சாலையில் நிற்கும்போது எச்சரிக்கத்தான் அந்தப் பொத்தான். மழைக்கு லோ பீம் போதும்.

கேள்வி 8. மலைச்சாலையில் இறங்கும்போது. உங்கள் விடை: அ, எரிபொருள் மிச்சமாக நியூட்ரலில் இறங்கலாம். சரி: ஆ, ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும்.

கியரில் இருக்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுற்ற வைக்கிறது. அந்த எதிர்ப்பே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி அறுந்து, மொத்தச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் விடாமல் பிரேக் மிதித்தபடி இறங்கினால் முதலில் கருகிய வாடை வரும், பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும். பிரேக் ஆயில் கொதித்து ஆவி கட்டிவிட்டது என்று பொருள். அப்போது மிதிக்க மிதிக்க எதுவும் நடக்காது. எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டரும் சில மிதிகளில் தீர்ந்துபோகும். கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் நியூட்ரலேதான்.

மிச்சம் என்பதும் இன்றைய வண்டிகளில் உண்மையில்லை. கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜெக்‌ஷன் எஞ்சின் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். மலை ஏறுபவருக்கே முன்னுரிமை என்பதைக் கேள்வி 9-இல் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்ப எடுப்பது கடினம், பின்னால் உருளும். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கேள்வி 11. ஆளில்லா ரயில்வே கடவை. உங்கள் விடை: ஆ, ஹாரன் அடித்து, இரு பக்கமும் பார்த்து வேகமாகக் கடக்க வேண்டும். சரி: இ, வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று உறுதி செய்தபின் கடக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு சொல்வது இது: வண்டியில் உடன் ஒருவர் இருந்தால் அவர் நடந்துபோய்ப் பார்த்து வழிகாட்ட வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவைகளை 2019 ஜனவரிக்குள் ரயில்வே அகற்றிவிட்டது. ஆனாலும் கேள்வி வரும். காரணம் எல்லாக் கடவைக்கும் பொருந்தும்.

கண்ணாடி ஏற்றி ஏசி ஓடும் காருக்குள் ரயில் சத்தம் கேட்பது தாமதமாகத்தான். பெரிய பொருள் வேகமாக வந்தாலும் தூரத்தில் மெல்ல வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும். முள்வேலியும் பாதை வளைவும் மறைப்பதை இருக்கையில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. இவற்றோடு வேகமும் சேர்ந்தால் தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றப்போய் வண்டி அணையும். முதல் கியரில் நிதானமாக, நடுவில் கியர் மாற்றாமல் கடப்பதுதான் முறை. இரட்டைப் பாதையானால் ஒரு ரயில் போனதும் கிளம்பாதீர்கள். அடுத்த பாதையில் இன்னொன்று வரலாம், போன ரயில் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி 13. உங்கள் வண்டியால் ஒருவருக்குக் காயம். உங்கள் விடை: இ, நேராகக் காவல் நிலையம் சென்று புகார் செய்ய வேண்டும். சரி: அ, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

காவல்துறையிடம் போவது நேர்மை என்று எண்ணித்தான் இதை எழுதியிருப்பீர்கள். ஆனால் இரத்தம் போய்க்கொண்டிருப்பவரைச் சாலையில் விட்டு நீங்கள் எங்கே போனாலும் அது தவறுதான். 134-ஆம் பிரிவில் முதல் கடமை மருத்துவ உதவி. 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி இருக்கலாம் என்று தோன்றினால், தீயோ மோதலோ வரும் நிலை இல்லாதவரை அவரைத் தூக்கி மடக்கிக் காரில் ஏற்றாமல் ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருங்கள். கூட்டம் அடிக்க வந்து அங்கே நிற்க முடியவில்லை என்றால் சட்டம் விலக்களிக்கிறது; அப்போது அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு உடனே போக வேண்டும்.

கேள்வி 14. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள். உங்கள் விடை: அ, பார்க்கிங் கூடாது. சரி: ஆ, நிறுத்தவே கூடாது. ஒரு கோடு என்றால் நோ பார்க்கிங். பெருக்கல் குறி போல இரண்டு என்றால் ஒரு நிமிடம் ஆள் இறக்கவும் கூடாது. "ஓட்டுநர் சீட்டில் இருந்தால் பரவாயில்லை" என்ற எண்ணம் இங்கே செல்லாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிற்கும் வண்டி தடத்தை அடைத்து, பின்னால் வருபவரை எதிர்த்தடத்துக்குத் தள்ளுகிறது.

சரியாக எழுதிய எட்டில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேள்வி 12-இல் முதலில் இ எழுதி, அடித்து ஆ ஆக்கியிருக்கிறீர்கள். முன்னால் போகும் வண்டி வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டு நடுவுக்கு வந்துவிட்டது. அப்போது மட்டும் இடப்பக்கம் கடக்கலாம். அடித்த இ என்பது ஹாரன் அடித்து வலப்பக்கம் முந்துவது. அவர் திரும்பும் நொடியில் நீங்கள் அவர் கதவுக்கு நேராக இருப்பீர்கள், நகர எதிர்த்தடம் ஒன்றுதான் மிச்சம். இது ஊகத்தில் வந்த சரி, உறுதியாக்கிக்கொள்ளுங்கள்.

குறுகிய பாலம், ஆவணங்கள், எதிரே வண்டி வரும்போது ஹை பீமைக் குறைப்பது, ஹெல்மெட், எல் போர்டு எல்லாம் சரி. எல்எல்ஆர் வைத்துப் பைக் ஓட்டும்போது கற்றுக்கொடுக்கும் உரிமம் உள்ளவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பதையும் கேள்வி 10-க்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தாளில் கேட்டிருக்கிறோம்.

வியாழன் காலை 9.30-க்கு மாதிரித் தேர்வு 4. அதற்குள் 2, 4, 6, 8, 11, 13, 14 ஏழுக்கும் உங்கள் தவறான விடையை எழுதி, அதன் கீழே அந்த விடைப்படி ஓட்டினால் யார் எங்கே அடிபடுவார் என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவாருங்கள். 6-க்கு மட்டும் சந்திப்பைப் படமாக வரைந்து, இடப்பக்கச் சாலையில் நிற்பவருக்கு எந்த விளக்கு தெரியும் என்று குறியுங்கள்.