வாழைச் சேத மனு: தம்பிக்கு எழுதிய விளக்கமும் திருத்திய மனுவும்

தம்பிக்கு,

காற்றில் விழுந்த நம் வாழைக்கு நிவாரணம் கேட்டு எழுதி நீ எனக்கு அனுப்பிய மனுவைப் படித்தேன். யாருக்கோ எழுதிய மாதிரிக் கடிதம் போல, ஆறு இடங்களில் புள்ளிக்கோடு அப்படியே நிற்கிறது. அவசரத்தில் தோன்றியதை எழுதி நிரப்பிவிடாதே. கள ஆய்வுக்கு வருகிறவர்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாழை விளையைப் பார்ப்பார்கள். மனுவில் ஒன்று, மண்ணில் ஒன்று என்றால் உண்மையாக விழுந்த வாழையையும் சந்தேகப்படுவார்கள்.

மனுதாரராக உன் பெயரை எழுத வேண்டாம். பட்டா அம்மா பெயரில் இருக்கிறது. இனிஷியல்கூட மாறாமல் பட்டாவில் உள்ளபடியே எழுது. புல எண்ணும் உட்பிரிவும் அதே தாளில் உண்டு. தாள் மங்கியிருந்தால் eservices.tn.gov.in தளத்தில் பார்த்துக்கொள்.

எனக்குக் கவலை சேதத் தொகைதான். நேந்திரன் குலை விலை நிலையாக நிற்பதில்லை, குலை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். பக்கத்து விளைக்காரர் எழுதிய தொகையை நீயும் எழுதினால், கணக்கு கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. விழுந்ததாக நீ எண்ணியது 140 மூடு வாழை. அதை எழுது. உரம் வாங்கிய ரசீதுகளை இணை. இழப்பை மதிப்பிடுவது அலுவலர்களின் வேலை.

காற்று வீசிய தேதியை யாரிடமும் கேட்டு ஊகிக்க வேண்டாம். மறுநாள் காலை நீ எடுத்த படத்தின் விவரத்தில் மே 28 என்று இருக்கிறது. அப்படியானால் முந்தைய இரவு. அரசாணை எண்ணும் சாட்சி பெயரும் நம்மிடம் இல்லை. சம்மதம் கேட்காமல் ஒருவர் பெயரை எழுதுவதும் சரியில்லை. அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன்.

திருத்திய மனு கீழே. அம்மாவின் பெயர், புல எண், உட்பிரிவு மூன்றையும் பட்டாவைப் பார்த்து நீயே மேலே எழுதிக்கொள்:

பெறுநர்: வட்டாட்சியர், கல்குளம் வட்டம், தக்கலை.

பொருள்: காற்றில் வாழை சேதம் – கள ஆய்வும் நிவாரணமும் கோருதல்.

வணக்கம். இணைத்துள்ள பட்டாவில் கண்ட என் நிலத்தில் நேந்திரன் வாழை பயிரிட்டிருந்தேன். மே 27 இரவு வீசிய காற்றில் குலை தள்ளிய 140 வாழைகள் முறிந்து விழுந்தன. இது மறுநாள் காலையில் என் மகன் எண்ணிய கணக்கு. இழப்புத் தொகையை நான் குறிப்பிடவில்லை. கள ஆய்வு செய்து சேதத்தை மதிப்பிட்டு, விதிகளின்படி உரிய நிவாரணம் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பட்டா நகல், அடங்கல் நகல், சேதப் படங்கள், உர ரசீதுகளின் நகல்.

மனு இவ்வளவுதான். கையெழுத்துப் போடும் முன் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டு. எண்ணிக்கையை யாராவது கேட்டால் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வு முடியும்வரை விழுந்த வாழைகளை அப்புறப்படுத்தாதே. மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்.

அக்கா