ஞாயிறு தமிழ் வகுப்புக் குழு: கூட்டக் குறிப்பு, 1 பிப்ரவரி 2026

இடம்: யாங்கோன், கோயில் மண்டபத்தின் மாடி. தொடக்கம் காலை 10.40, முடிவு மதியம் 1.15. வந்தவர்கள் 15 பேர்: தலைவர், செயலாளர், பொருளாளர், ஆசிரியர்கள் ஐவர், பெற்றோர் பிரதிநிதிகள் நால்வர், கோயில் நிர்வாகத்திலிருந்து இருவர், குறிப்பு எழுதும் நான் (துணைச் செயலாளர்). வர முடியாத நால்வரும் முன்னாடியே சொல்லிவிட்டார்கள்.

வைபரில் படிக்கப்போகிறவர்களுக்காக ஒன்று. போன கூட்டத்தில் ஒத்துக்கொண்டபடி யார் என்ன சொன்னார் என்று பெயரோடு எழுதவில்லை, என்ன சொல்லப்பட்டது, ஏன் சொல்லப்பட்டது என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். ஒரு பொறுப்பை யாராவது ஏற்றுக்கொண்ட இடத்தில் மட்டும் பதவி வரும். பேச்சுக்கு நடுவே சொன்னவரே வேண்டாம் என்று திரும்ப எடுத்துக்கொண்ட வார்த்தைகள் வழக்கம்போல இதில் இல்லை.

போன கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டது. மேல் வகுப்புக்கு வந்த புத்தகங்கள் 24 என்று இருந்தது, 22 என்று திருத்தப்பட்டது. பெட்டியில் எழுதியிருந்த எண் வேறு, உள்ளே இருந்தது வேறு, அவ்வளவுதான்.

வகுப்பில் பர்மிய மொழி

இன்றைய கூட்டத்தில் பாதி நேரம் இதற்குத்தான் போனது, போக வேண்டிய விஷயமும்தான். கோடை வகுப்பு தொடங்குவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறது: ஓரிடத்தில் பாடத்தைப் பர்மிய மொழியில் விளக்கிவிட்டுத் தமிழுக்கு வருகிறோம், இன்னொரு இடத்தில் வாசலைத் தாண்டினால் தமிழ் மட்டும்தான். இரண்டு முறையிலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

பர்மிய மொழி வேண்டும் என்றவர்களின் வாதம் இது. தொடக்க வகுப்பில் இருக்கும் 26 பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தாத்தா பாட்டி தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்கிறவர்கள். முதல் மூன்று வாரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நாலாவது வாரம் வருவதில்லை. அது மட்டுமில்லை, சில கேள்விகளைப் பிள்ளைகளால் பர்மிய மொழியில்தான் கேட்கவே முடிகிறது. பர்மிய எழுத்தில் 'க' ஓசைக்கும் அழுத்திச் சொல்லும் 'ga' ஓசைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அதைப் படித்து வளரும் பிள்ளை 'காகம்' என்று எழுதிப் போட்டதும், ஒரே எழுத்தை முதலில் ஒரு மாதிரியும் அடுத்து வேறு மாதிரியும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்கு அந்தப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் இரண்டு நிமிடம் பதில் சொன்னால் வருஷம் முழுக்க வாசிக்கும்போது தடுமாறாது என்றார்கள்.

தமிழ் மட்டும் போதும் என்றவர்களின் வாதமும் அதே பிள்ளைகளை வைத்துத்தான். வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் அவர்கள் காதில் தொடர்ந்து தமிழ் விழுகிறது. அதிலும் பாதியைப் பர்மிய மொழிக்குக் கொடுத்துவிட்டால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த, ஆனால் ஒரு வாக்கியம் பேச வராத பிள்ளைகளைத்தான் நாம் அனுப்பிவைப்போம். பகோ பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து இங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் நல்ல தமிழ் பேசுகிறவர்கள், அவர்களுக்கு விளக்கம் முடியும்வரை வேலை இல்லை. ஆசிரியர் பர்மிய மொழிக்கு மாறிவிடுவார் என்று தெரிந்தால் தமிழில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமே வராது என்பதும் சொல்லப்பட்டது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் கைமாறியது. பெயர் எழுதிய அட்டை முன்பே தாளால் மூடப்பட்டிருந்தது, அப்படிச் செய்த ஆசிரியருக்கு நன்றி. 'மாம்பழம்', 'தண்ணீர்', 'பள்ளி' என்று ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் சின்னதாகப் பர்மிய எழுத்தில் உச்சரிப்பு எழுதப்பட்டிருந்தது. 'மாம்பழம்' என்ற சொல்லில் ழ வரும் இடத்தில் மட்டும் மூன்று தரம் அழித்து எழுதிய தடம். இதை அனுமதிக்கலாமா கூடாதா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. மேலே இருப்பதை மட்டும் படித்துவிட்டுக் கீழே இருக்கும் தமிழ் எழுத்தைப் பிள்ளை பார்ப்பதே இல்லை என்பது ஒன்று. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை தனியாக உட்கார்ந்து பாடம் பார்க்க அதுதான் ஒரே வழி என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னவர்கள் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவர்கள்.

வீடுகளில் தமிழ் குறைந்துபோனது பற்றியும் பேச்சு வந்தது. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கும் வாய்ப்பு இன்றைய பெற்றோரில் பலருக்கும், அவர்களைப் பெற்றவர்கள் பலருக்கும் கிடைக்கவில்லை. அதனால் எந்த வீட்டில் எவ்வளவு தமிழ் இருக்கிறது என்பதை ஒரு குடும்பத்தின் குறையாகப் பேசக்கூடாது, பிள்ளையைச் சேர்க்கும்போது கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். இதற்கு மறுப்பு இல்லை. இதை முழுசாகக் குறிப்பில் எழுதும்படி பலர் கேட்டார்கள், எழுதியிருக்கிறேன்.

11.50க்குத் தலைவர் டீ இடைவேளை விட்டார். திரும்பி வந்ததும் ஆசிரியர்கள் ஐவரும் சேர்ந்து ஒரு யோசனை வைத்தார்கள். அது சில திருத்தங்களோடு இப்படி முடிவானது:

தொடக்க வகுப்பில் முதல் 20 நிமிடம் தேவையான இடத்தில் பர்மிய மொழியில் விளக்கலாம், மீதி நேரம் தமிழ். இடை வகுப்பில் முதலில் தமிழில் சொல்லிவிட்டு, புரியவில்லை என்று பிள்ளை கேட்டால் மட்டும் பர்மிய மொழி. மேல் வகுப்பில் தமிழ் மட்டும். நோட்டில் பர்மிய எழுத்தில் உச்சரிப்பு எழுதுவது தொடக்க வகுப்பில் முதல் எட்டு வாரத்துக்கு மட்டும், அதுவும் பென்சிலில், பிள்ளைக்கு வாசிக்க வந்ததும் தானே அழித்துவிடும்படி. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த 20 நிமிடம் வாசிப்பு மூலையில் கதைப் புத்தகம்.

கை உயர்த்தி வாக்கெடுத்தோம். ஆதரவு 8, எதிர்ப்பு 4, வாக்களிக்காதவர்கள் 3. எதிர்த்தவர்களில் இருவர் தங்கள் கருத்தைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன வடிவிலேயே, அவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்: "20 நிமிடம் என்பது நாளடைவில் முழு வகுப்பாக நீண்டுவிடும் என்று பயப்படுகிறோம். முடிவுக்குக் கட்டுப்படுகிறோம். மே மாதக் கடைசியில் வாசிப்போடு பேச்சையும் சோதித்துப் பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைக் கூட்டம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. மே 31க்குள் எல்லா வகுப்பிலும் வாசிப்பு, பேச்சு இரண்டும் பார்க்கப்படும். கேள்விகளைத் தயார் செய்யும் மூவரில் ஒருவராவது இந்த முடிவை எதிர்த்தவராக இருப்பார். அவரே முன்வந்து ஒத்துக்கொண்டார். இது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது, சோதனையின் மேல் இரண்டு பக்கத்துக்கும் நம்பிக்கை இருக்கும்.

ஜெனரேட்டர் செலவு

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை டீசலுக்கும் பராமரிப்புக்கும் ஆன செலவு 6,40,000 சாட். பில் இருப்பது 4,55,000க்கு, இல்லாதது 1,85,000க்கு. இந்தக் கணக்கைப் பொருளாளரே இப்படிப் பிரித்துக் கூட்டத்தின் முன் வைத்தார். கரண்ட் நிற்கும் நேரம் வாராவாரம் மாறுகிறது, பங்க்கில் வரிசை நீளமாக இருந்த நாட்களில் வகுப்பு நின்றுவிடக்கூடாது என்று தெருவோரச் சில்லறைக் கடைகளில் வாங்க வேண்டியிருந்தது, அவர்கள் பில் கொடுப்பதில்லை, தேதியும் அளவும் தன் கையேட்டில் இருக்கிறது என்று விளக்கினார். கையேடு சுற்றி அனுப்பப்பட்டது. கூட்டிப் பார்த்ததில் தொகை சரியாக இருந்தது.

பில் இல்லாத செலவுக்கு என்ன முறை வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. இது யாரையும் சந்தேகித்துக் கேட்பது இல்லை, நாளைக்குப் பொறுப்புக்கு வருகிறவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டவரே சொன்னார். பொருளாளரும் அப்படி ஒரு முறை வந்தால் தனக்கும் நிம்மதி என்றார். சின்னச் சின்னச் செலவுக்கெல்லாம் கையெழுத்து வாங்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தால் வகுப்பு நேரம் போய்விடும் என்று மாற்றுக் கருத்தும் இருந்தது, அதையும் கணக்கில் எடுத்துத்தான் தொகை வரம்பு வைத்தோம்.

முடிவு: 1,85,000 சாட் செலவும் ஏற்கப்பட்டது, எதிர்ப்பு இல்லை. இனிமேல் பில் கிடைக்காத கொள்முதல் 20,000 சாட்டுக்கு மேல் போனால் வவுச்சரில் வாங்கியவரும் அன்று வகுப்பில் இருக்கும் ஓர் ஆசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். வவுச்சர் புத்தகம் வாங்குவது செயலாளர் பொறுப்பு. ஜெனரேட்டருக்குப் பதில் சோலாரும் பேட்டரியும் போடலாமா என்று இரண்டு இடத்தில் விலை கேட்டு அடுத்த கூட்டத்தில் சொல்வதாகக் கோயில் நிர்வாகத்தினர் ஏற்றுக்கொண்டார்கள்.

மண்டபமும் கல்யாணங்களும்

கோடை வகுப்பு மார்ச் 15 ஞாயிறு தொடங்கும். தண்ணீர்த் திருவிழாவும் சித்திரை வருஷப் பிறப்பும் வரும் வாரம் விடுமுறை. வெயிலை நினைத்து நேரம் காலை 7.30 முதல் 9.30. ஞாயிறுகளில் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்கிறார்கள், வாடகை கோயிலுக்குத் தேவை என்று நிர்வாகத் தரப்பில் சொல்லப்பட்டது. ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் வருகை குறைகிறது என்று வகுப்புத் தரப்பில் சொல்லப்பட்டது. கல்யாண நாட்களில் வகுப்பு மாடியில் நடக்கும், மேளம் தொடங்கும் முன் முடித்துக்கொள்வோம். கோயில் நிர்வாகம் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தேதியைச் சொல்லும். இதற்கு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

அடுத்த கூட்டம் மார்ச் 8, ஞாயிறு காலை 10.30. இந்தக் குறிப்பில் உங்கள் கருத்து நீங்கள் சொன்ன பொருளில் வரவில்லை என்று பட்டால் பிப்ரவரி 8க்குள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அல்லது கூப்பிடுங்கள். குழுவில் போட வேண்டாம். திருத்திய பிரதியை எல்லாருக்கும் அனுப்புகிறேன், தலைவர் அதில் கையெழுத்திட்ட பிறகு கோயில் அலுவலகக் கோப்பில் சேரும்.

குறிப்பு எழுதியவர்: துணைச் செயலாளர்