‘ட’ வடிவத்தின் பரப்பளவு: பயிற்சித் தாள்

தேவை: 1 செ.மீ கட்டத் தாள், அளவுகோல், பென்சில்.

முதலில் இந்த உருவத்தை வரையுங்கள். இடது கீழ் மூலையில் தொடங்கி வலப்பக்கம் 10 செ.மீ, மேலே 3, இடப்பக்கம் 6, மேலே 5, இடப்பக்கம் 4, கீழே 8. கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லையென்றால் எங்கோ ஓர் அளவு பிசகியிருக்கிறது.

வெட்டிக் கூட்டும் முறை

உள்மூலையிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கச் செவ்வகம் 4 × 8 = 32. வலப்பக்கச் செவ்வகம் 6 × 3 = 18. மொத்தம் 50 சதுர செ.மீ. அதே மூலையிலிருந்து இடப்பக்கமாகக் குறுக்கே வெட்டினால் மேல் துண்டு 4 × 5 = 20, கீழ்த் துண்டு 10 × 3 = 30. இதுவும் 50தான்.

கழிக்கும் முறை

உருவத்தைச் சுற்றி முழுச் செவ்வகம் வரைந்தால் 10 × 8 = 80. வெறுமையாக நிற்கும் மூலை 6 × 5 = 30. 80 − 30 = 50. ஒரு முறையில் செய்து மறு முறையில் சரிபார்ப்பது நல்லது. ஒரே முறையை இரண்டு தடவை செய்தால் பழைய தவறே திரும்ப வரும்.

அதிகம் தவறுவது இங்கேதான்: 4 × 8 + 10 × 3 = 62 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு செவ்வகமும் உண்மையில் உருவத்துக்குள் இருப்பதால் விடை சரி போலவே தோன்றும். ஆனால் கீழ் மூலையில் உள்ள 4 × 3 = 12 சதுர செ.மீ இரண்டிலும் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒன்றின் முழு அளவை எடுத்தால் மற்றதில் மீதியை மட்டுமே எடுக்க வேண்டும்: 10 − 4 = 6 அல்லது 8 − 3 = 5. படத்தில் எழுதப்படாத பக்கத்தை இப்படிக் கழித்தே கண்டுபிடிக்கலாம்.

(சுற்றளவு மட்டும் முழுச் செவ்வகத்துக்கும் இதற்கும் ஒன்றே, 36 செ.மீ. மூலையை வெட்டினாலும் அது குறையாது. ஏன் என்று யோசியுங்கள்.)

கணக்குகள்

1. அடி 12 செ.மீ, இடப்பக்கம் 9, மேல் விளிம்பு 5, வலப்பக்கம் 4. இரு முறைகளிலும் பரப்பளவு காண்க.

2. 20 செ.மீ × 14 செ.மீ அட்டையின் ஒரு மூலையில் 75 மி.மீ × 4 செ.மீ துண்டு வெட்டப்பட்டது. மீதி எவ்வளவு? பெருக்கும் முன் அலகைக் கவனியுங்கள்.

3. எங்கும் 2 செ.மீ அகலமுள்ள ‘ட’ பட்டையின் வெளிப்பக்கங்கள் 9 செ.மீ, 7 செ.மீ. பரப்பளவு?

4. 10 செ.மீ × 6 செ.மீ செவ்வகத்தின் மூலையில் 4 செ.மீ அகலத் துண்டை வெட்டியதும் 48 சதுர செ.மீ மிஞ்சியது. துண்டின் உயரம் என்ன?

5. அடி 14, இடப்பக்கம் 10, மேல் விளிம்பு 6, வலப்பக்கம் 4 (எல்லாம் செ.மீ). ஒரு மாணவர் 6 × 10 + 14 × 4 = 116 என்று எழுதினார். எந்தப் பகுதியை இருமுறை எண்ணினார்? சரியான விடை?

விடைகள்: 1) 73 சதுர செ.மீ. 2) 280 − 30 = 250 சதுர செ.மீ. 3) 28 சதுர செ.மீ; 32 வந்திருந்தால் மூலைச் சதுரத்தை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். 4) 3 செ.மீ. 5) கீழ் இடது மூலையின் 6 × 4 = 24; சரியான விடை 92 சதுர செ.மீ.