நீர்க்கட்டிக்கான உணவுத் திட்டம்: பாலக்கோடு, வயது 27

எடை 68 கிலோ, உயரம் 155 செ.மீ. மாதவிடாய் 50 முதல் 60 நாளுக்கு ஒருமுறை. டாக்டர் கொடுத்திருக்கும் மெட்ஃபார்மின் 500, இரவு சாப்பாட்டோடு. வேலை: கார்மென்ட்ஸ் தையல் பிரிவு, காலை 7.40க்கு கம்பெனி வேன்.

நீங்கள் எழுதிக் கொண்டு வந்த மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். "நான் ரொம்பச் சாப்பிடறதே இல்லைங்க மேடம்" என்றீர்கள், அது உண்மைதான். காலையில் ஒன்றும் இல்லை. மதியம் வரை டீயும் பன்னும். இரவு ஒன்பதரைக்கு ஆறு இட்லி. அளவு அதிகமில்லை, ஆனால் மாவுச்சத்து முழுக்க ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறது, புரதம் நாள் முழுக்கச் சேர்த்தாலும் 30 கிராமைத் தாண்டவில்லை. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதுவே 40 கிராம்.

நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்கத் தூண்டும். முகத்தில் முடியும் பருவும் அதனால்தான், முட்டை முதிராமல் நின்றுபோவதும் அதனால்தான். ஸ்கேனில் தெரிந்தவை கட்டிகள் அல்ல, அப்படிப் பாதியில் நின்ற சிறு முட்டைப் பைகள். பயந்து போயிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சோற்றையும் களியையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று வேளையும் ஏறக்குறைய ஒரே அளவு மாவுச்சத்து, கூடவே பருப்போ பயறோ முட்டையோ கறியோ. வெறும் மாவு மட்டும் தட்டில் இருக்க வேண்டாம். புரதம் நாளைக்கு 60 கிராம் வர வேண்டும். எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரைக் கிலோ குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்குகிறது.

காலை எழுந்ததும் ஒரு டீ, அரை ஸ்பூன் சர்க்கரை. இரண்டு வாரம் கழித்து அதையும் விட்டுப் பாருங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவானாலும் உடம்புக்குச் சர்க்கரைக் கணக்குதான்.

காலை 7.15, வேன் வரும் முன்

திங்கள், வியாழன்: 3 இட்லி, காய் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை.
செவ்வாய், சனி: பச்சைப்பயறு அடை 2. ஒருவருக்கு 50 கிராம் பயறும் ஒரு சின்னக் கைப்பிடி இட்லி அரிசியும் இரவே ஊறட்டும். காலையில் இஞ்சி, பச்சை மிளகாயோடு கரகரப்பாக அரைத்து ஊற்றினால் புளிக்கக் காத்திருக்க வேண்டாம். தக்காளிச் சட்னி போதும். தேங்காய்ச் சட்னி வேண்டுமென்றால் இரண்டு ஸ்பூன்.
புதன்: 2 சப்பாத்தி, இரண்டு முட்டைப் பொரியல்.
வெள்ளி: விரதம் என்றீர்கள். சாயங்காலம் வரை பட்டினி கிடந்து, பிறகு வாழைப்பழமும் பாலும் சர்க்கரைப் பொங்கலும் என்று முடிப்பது இப்போதைக்கு வேண்டாம். காலையில் ஒரு பெரிய டம்ளர் மோரும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு விரதம் இருங்கள். உங்கள் அத்தை கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

11 மணி இடைவேளை: டீக்கடைப் பன்னுக்குப் பதில் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. அவிக்காத பருப்பாக அளந்தால் 30 கிராம், 7 கிராமுக்கு மேல் புரதம். டீ குடித்தால் சர்க்கரை இல்லாமல்.

மதியம் டப்பா

ஒரு 200 மில்லி எவர்சில்வர் டம்ளரை எடுத்து வையுங்கள். அதில் அழுத்தாமல் நிரப்பிய சோறு ஒன்று. டப்பாவின் மற்ற பாதிக்குக் கொள்ளுக் கடைசல், துவரம்பருப்புக் கூட்டு அல்லது தட்டைப்பயறுக் குழம்பு, தண்ணீராக இல்லாமல் கரண்டியில் நிற்கும் பதத்தில். இன்னொரு பக்கம் கீரையோ, அவரை, பீன்ஸ், முட்டைகோஸ் பொரியலோ. வீட்டுத் தயிர் அரை டம்ளர். வாரத்தில் இரண்டு நாள் பருப்புக்குப் பதில் மீல்மேக்கர் குழம்பு வைக்கலாம், காய்ந்த உருண்டையாக 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம் கிடைக்கும். சாமைச் சோறு பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் அளவு அதே டம்ளர். சிறுதானியம் என்று ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய.

வெறும் ரசச் சோறு மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். நேரமில்லாத காலையில் இரண்டு முட்டையைச் சோற்று உலையிலேயே போட்டு எடுங்கள்.

மாலை 5: வேன் இறங்கியதும் பசி உயிரை எடுக்கும் என்றீர்கள். இந்த நேரத்தைக் கவனிக்காவிட்டால் இரவு ஆறு இட்லிதான். கொண்டைக்கடலை, காராமணி, பயறு எதிலாவது ஒரு கிண்ணம் சுண்டல், முந்தின இரவே ஊறப் போட்டது. ஒரு டம்ளர் மோர்.

இரவு 8, களி

உங்கள் வீட்டில் இரவு களி என்றதும் எனக்குச் சந்தோஷம். ஆனால் ராகி என்பதற்காக அளவில்லாமல் போகலாகாது. ஒருவருக்கு 60 கிராம் மாவு, கிண்டினால் ஒரு கிரிக்கெட் பந்துக்குச் சற்றுப் பெரிய உருண்டை. நொய் போட்டுக் கிண்டுவதானால் மாவைக் குறைத்து, இரண்டும் சேர்ந்து 60. சர்க்கரை போட்ட ராகிக் கூழ் வேண்டாம், தண்ணியாகக் கரைத்ததைக் குடித்தால் சர்க்கரை சட்டென ஏறும்.

களியை நாம் மெல்லுவதில்லை, குழம்பில் தொட்டு விழுங்குகிறோம். வயிறு நிறைவதை உணரும் முன் உருண்டை முடிந்துவிடும். அதனால் முதலில் கீரைக் கடைசலை நாலு வாய், முட்டையோ கறியோ பாதி, பிறகு களி. தொட்டுக்கொள்ள: செவ்வாய், வியாழன் இரண்டு முட்டைக் குழம்பு. ஞாயிறு நாட்டுக்கோழி, அல்லது ஒகேனக்கல் பக்கமிருந்து வரும் ஆற்று மீன், நான்கு துண்டு. மற்ற நாட்களில் அவரைக்கொட்டைக் குழம்பு. மார்கழி, தையில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. அதற்கு ஒரு வாரம் களியைக் கொஞ்சம் குறைத்து, பருப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள முழு அனுமதி.

ஞாயிறு காலை தோசையென்றால் இரண்டு, ஒரு முட்டை. மதியம் பிரியாணி என்றால் அதே டம்ளர் அளவு, கறித் துண்டு கூடுதலாக, வெங்காயப் பச்சடி. அன்று மாலைச் சுண்டல் வேண்டாம்.

மாம்பழ சீசனைப் பற்றிக் கேட்டீர்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மாம்பழம் கூடாது என்று சொல்ல எனக்கே வாய் வராது. சாப்பாட்டோடு ஐந்தாறு துண்டு, ஏறக்குறைய 100 கிராம், அன்று சோற்றை முக்கால் டம்ளராக்குங்கள். ஜூஸ், பாட்டில் கூழ் இரண்டும் வேண்டாம்.

மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவில் போடுங்கள், வயிற்றுப் புரட்டல் குறையும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதை நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம், அந்தப் பரிசோதனையையும் கேளுங்கள். மூன்று மாதம் வரை மாதவிடாய் வரவில்லை என்றாலும், தள்ளிப்போகும்போது கர்ப்பமா என்ற சந்தேகம் இருந்தாலும், காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ஆறு வாரம் கழித்து வரும்போது மூன்று நாள் குறிப்பு மறுபடி எழுதி வாருங்கள். அந்த எவர்சில்வர் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு அளவு, நான் ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கிறேன்.