ஆய்வு முன்மொழிவு: கோயில் அறக்கொடையும் புலம்பெயர்ந்தோர் சமூகத் தலைமையும்

சிங்கப்பூரில் 1968 முதல் இந்து அறக்கட்டளை வாரியம் ஸ்ரீ மாரியம்மன் கோயில் உட்பட நான்கு கோயில்களை நிர்வகிக்கிறது. உறுப்பினர்களை அரசு நியமிக்கிறது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அறநிலையத்துறை மேற்பார்வையிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, பர்மாவிலிருந்து திரும்பியோர் குடியேறிய வியாசர்பாடியே என் களம். சொத்தை இழந்து வந்தவர்கள் கோயில் எழுப்பும்போது, நன்கொடை கொடுத்தவர் தலைவராகிறாரா, அல்லது ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் அலைந்தவரா? இதுவே மையக் கேள்வி. இரண்டாமவரே என்பது என் கருதுகோள்.

உபயதாரர் கல்வெட்டுகள், திருவிழா வரவு செலவு நோட்டுகள், முதியோர் நேர்காணல்கள் ஆகியவை சான்றுகள். பெண்களின் சீட்டுப் பணமும் சமையல் உழைப்பும் கல்வெட்டில் ஏறுவது அரிது. அவற்றை நேர்காணல் வழியே பதிவுசெய்வதை இந்த ஆய்வின் முதற்கடமையாகக் கொள்கிறேன். முதல் ஆண்டு வியாசர்பாடியில். சிங்கப்பூர் ஒப்பீடு அடுத்த ஆண்டு.